எதிரெதிர்க் கடைகளில் மெல்ல மலரும் காதல்: கதை எங்கே பழுதாகிறது, எப்படிச் சரிசெய்வது

போட்டிக் கடைக்காரர்கள் இருவர் மெல்ல மெல்லக் காதலில் விழும் கதையில், கோளாறு வெளியே தெரியும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறொன்று. ‘முடிவு ஒட்டவில்லை’ என்று படித்தவர் சொல்வார். எழுதியவர் முடிவையே திரும்பத் திரும்ப மாற்றி எழுதிக்கொண்டிருப்பார். ஆனால் பழுது மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கும். அதனால் அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன். வரைவைப் படித்தவர் என்ன குறை சொன்னார், அதை எப்படிச் சோதிப்பது, எங்கே கை வைப்பது என்ற வரிசையில் போகலாம்.

எல்லாவற்றுக்கும் ஒரே கதையை எடுத்துக்கொள்வோம். ஒரே தெருவில் எதிரெதிரே இரண்டு எழுதுபொருள் கடைகள். ஒன்று மாலதியுடையது. அப்பாவிடமிருந்து அவளுக்கு வந்தது, கூடவே பழைய வாடிக்கையாளர்களின் கடன் நோட்டும் வந்தது. இன்னொன்று ரகுவுடையது. வங்கிக் கடனில் திறந்த கடை, நகல் எடுக்கும் மெஷின் இரண்டு, வேலைக்கு ஒரு பையன். இருவருக்கும் சரக்கு கொடுப்பவர் ஒரே மொத்த வியாபாரி. இருவரும் வருஷா வருஷம் காத்திருப்பது ஒரே பள்ளியின் நோட்டுப் புத்தக ஆர்டருக்கு.

அறிகுறி: “உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசினால் தீர்ந்துவிடுமே?”

அடிக்கடி வரும் புகார் இது, கதையை அதிகம் கெடுப்பதும் இதுதான். சோதிப்பது சுலபம். கதையில் சேர்க்கப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு ஒரு பக்கம் எழுதுங்கள். இருவரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து எதையும் மறைக்காமல் எல்லா உண்மையையும் சொல்லிவிடுகிறார்கள். அவளுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவனுக்குத் தெரியாதது அவனுக்கும் தெரிந்துவிட்டது. அப்புறம் என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள்.

மிச்சம் ஒன்றும் இல்லையென்றால் உங்கள் தடை வெறும் தகவல் குறைபாடு. ரகுவோடு வண்டியில் வந்த பெண்ணை மாலதி பார்த்துவிடுகிறாள், அது அவனுடைய தங்கை என்று கடைசியில் தெரிகிறது என்பது இந்த வகை. ஒரு அத்தியாயத்தின் சலசலப்புக்கு இது போதும், நாவல் முழுவதையும் தாங்காது. தினமும் பன்னிரண்டு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் ஒரு கேள்வியைக் கேட்காமலே மாதக்கணக்கில் இருப்பார்கள் என்பதை வாசகர் நம்பமாட்டார்.

தடையைத் தொழிலுக்குள்ளேயே தேடுங்கள். ஒருவருக்குக் கிடைத்தால் மற்றவருக்கு இல்லாமல் போகிற ஒன்று அங்கே கட்டாயம் இருக்கும். நம் கதையில் அது ஏஜென்சி. நன்றாக விற்கும் ஒரு நோட்டுப் புத்தக வகையை இனி இந்த வட்டாரத்தில் ஒரே கடைக்குத்தான் கொடுப்பேன் என்கிறார் மொத்த வியாபாரி. எடுக்கும் கடை மாதம் இவ்வளவு கட்டு வாங்கியே ஆக வேண்டும். அதற்குப் பதிலாகக் கூடுதல் கழிவும், பணம் கட்ட அதிக நாள் தவணையும் கிடைக்கும். ஏஜென்சி இல்லாத கடை அதே சரக்கை வெளியூரிலிருந்து ரொக்கம் கொடுத்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் எதிர்க் கடையிலேயே போய் நிற்க வேண்டும்.

இப்போது அந்த உண்மை பேசும் பக்கத்தை மறுபடி எழுதிப் பாருங்கள். ரகு தன் வங்கிக் கடனைச் சொல்கிறான், மாலதி தன் நிலுவையைச் சொல்கிறாள், இருவரும் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறார்கள். ஆனாலும் ஏஜென்சி ஒன்றுதான். பேச்சு முடிந்து இருவரும் எழுந்து அவரவர் கடைக்குப் போகும்போது நிலைமை முன்பைவிடக் கஷ்டமாகிவிட்டது, ஏனென்றால் இனி எதிராளியை வெறுக்கவும் முடியாது. உங்களுக்கு வேண்டிய தடை இந்த மாதிரியானது.

இதற்கு உள்ளே இன்னொரு அடுக்கும் வேண்டும். அந்தத் தடை இவளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு வலிக்கிறது? மாலதியின் அப்பா ஒருமுறை பக்கத்துக் கடைக்காரரிடம் கைமாற்று வாங்கியிருக்கிறார், அதிலிருந்து அந்த மனிதர் இவர்கள் கடைக்குள் வந்து கல்லாவைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிட்டார். போட்டியாளரிடம் கை நீட்டினால் கடை போய்விடும் என்று சின்ன வயதிலேயே அவள் மனதில் பதிந்துவிட்டது. வெளித் தடை ஏஜென்சி, உள் தடை இந்தப் பயம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும்படி இருந்தால்தான் ஒன்றை அவிழ்த்ததும் மற்றது தானாக அவிழாமல் இருக்கும்.

அறிகுறி: “மெதுவாகப் போகிறது சரி, எங்கேயும் போகவில்லையே?”

ஸ்லோ பர்ன் என்று பெயர் வைத்துவிட்டு, ஒரே சந்திப்பைப் பத்து விதமாக எழுதிய வரைவுகளில் இது வரும். முறைப்பு, ஒரு குத்தல் பேச்சு, கண்கள் ஒரு நொடி சந்திக்கின்றன, அவரவர் கடைக்குத் திரும்புகிறார்கள். அடுத்த அத்தியாயத்திலும் அதேதான்.

சந்திப்புகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்தச் சந்திப்புக்குப் பிறகு திரும்பிப் போக முடியாதபடி மாறியது என்ன? ‘ஈர்ப்பு கூடியது’ என்று எழுதக் கூடாது, அதை எல்லாச் சந்திப்புக்கும் எழுதிவிடலாம். ‘அவளுக்குச் சரக்கு தவணையில் வருகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது’, ‘அவன் தன் கடைப் பையன் முன்னால் அவளுக்காக ஒரு வார்த்தை பேசிவிட்டான்’ என்று திட்டமாக எழுத வர வேண்டும். வரி எழுத வராத சந்திப்பை வெட்டுங்கள், அல்லது பக்கத்துச் சந்திப்போடு சேர்த்துவிடுங்கள்.

மாற்றத்தைக் காட்ட எனக்குத் தெரிந்த நல்ல வழி, கடையிலேயே இருக்கும் ஒரு சாதாரணக் காரியத்தைப் பிடித்துக்கொண்டு அதன் அர்த்தத்தை மட்டும் நகர்த்துவது. ராத்திரி ஷட்டர் இறக்குவதை எடுத்துக்கொள்ளலாம்.

தொடக்கத்தில், எதிர்க் கடை விளக்கு எரியும்வரை யாரும் முதலில் ஷட்டரை இறக்குவதில்லை. கடைசி வாடிக்கையாளர் தன் கடைக்குத்தான் வர வேண்டும் என்ற வீம்பு. கொஞ்ச நாள் கழித்து ஒரு ராத்திரி மாலதி கணக்கு டேலி ஆகாமல் உட்கார்ந்திருக்கிறாள். ரகுவும் கடையை மூடாமல் இருக்கிறான். பையன் ‘ஏன்ணே இன்னும்?’ என்று கேட்கிறான், ‘யாராவது வருவாங்கடா’ என்கிறான் ரகு. மறுநாள் கணக்கு எழுதும்போது அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு பென்சில்கூட விற்கவில்லை என்பதை அவனே பார்க்கிறான். இன்னும் பின்னால் அவளுடைய ஷட்டர் பாதியில் சிக்கிக்கொள்கிறது. கொக்கிக் கம்பியோடு தெருவைக் கடந்து வருகிறான். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிறார்கள், அவள் நன்றி சொல்வதில்லை, ‘நாளைக்கு எண்ணெய் விடணும்’ என்கிறாள். அதற்கப்புறம் ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல், ஆனால் அவன் விளக்கு எரிகிறவரை அவள் மூடமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். எட்டு மணிக்கே அவன் ஷட்டரை இறக்குகிறான். அவன் கடைக்குள் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது என்பதை வாசகர் பார்த்திருக்கிறார், அவளும் பார்த்திருக்கிறாள்.

இந்த நான்கு இடங்களிலும் யாரும் யாரையும் தொடவில்லை, மனதில் இருப்பதைச் சொல்லவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து ஒரு படி மேலே இருக்கிறது. கதாபாத்திரங்கள் ஒப்புக்கொள்வதற்கு ஒரு படி முன்னதாகவே வாசகருக்குத் தெரிந்துவிட வேண்டும், அந்த இடைவெளியில்தான் சூடு இருக்கிறது. இடைவெளி ரொம்ப நீண்டு, எல்லாருக்கும் தெரிந்தது அவர்களுக்கு மட்டும் தெரியவில்லை என்று ஆகிவிட்டால் அவர்கள் மந்தமானவர்களாகத் தெரிவார்கள். அதனால் பாதிக் கதைக்குள் குறைந்தபட்சம் ஒருவராவது தனக்குள் ஒப்புக்கொண்டுவிடட்டும். ‘இது என்ன?’ என்ற கேள்வி அங்கே முடிந்து, ‘இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?’ என்ற கேள்வி தொடங்கும்.

அறிகுறி: “கடைகளை எடுத்துவிட்டு அலுவலகம் போட்டாலும் கதை அப்படியே இருக்கும்”

இது சீக்கிரம் தீரும். கதையின் முக்கியமான முடிவுகளில் எத்தனை முடிவுகளை ஒரு பில், ஒரு பாக்கி, ஒரு சரக்குத் தட்டுப்பாடு தீர்மானித்தது என்று பாருங்கள். ஒன்றுமே இல்லையென்றால் கடை வெறும் பின்திரை. பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரங்களைக் கதைக்குள் கொண்டுவாருங்கள். அப்போதுதான் சரக்கும் ஆளும் பணமும் ஒரே நேரத்தில் போதாமல் போகும், பொறுமையும் குறையும். மெதுவான நாட்களில் வெளிப்படாத குணம் அந்த வாரங்களில் வெளிப்பட்டுவிடும்.

அறிகுறி: “பிரிவு திணித்த மாதிரி இருக்கிறது”

முக்கால் கதையில் பிரிவு வர வேண்டும் என்பது வழக்கம். அதற்காக ஒரு விபத்து, ஒரு மொட்டைக் கடிதம், திடீரென்று முளைக்கும் பழைய காதலி என்று எதையாவது கொண்டுவந்தால் இந்தப் புகார் வரும். பிரிவுக்கு முந்தைய ஐந்து அத்தியாயங்களை மட்டும் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, ‘இவர்களுக்குள் சண்டை வந்தால் எதில் வரும்?’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் ஊகம் உங்கள் பிரிவுக்குப் பக்கத்திலாவது வர வேண்டும். நாள் தெரியாமல் இருக்கலாம், இடம் தெரிந்திருக்க வேண்டும்.

நம் கதையில் அதை இப்படி அமைக்கலாம். வருஷக் கடைசி ஸ்டாக் கணக்கெடுக்கும் ராத்திரி, மாலதி முதல்முறையாக ரகுவிடம் மனம் திறந்து ஒன்று சொல்கிறாள்: மொத்த வியாபாரிக்கு அவள் கட்ட வேண்டிய பணம் 60 நாள் தள்ளிப் போயிருக்கிறது. அவள் பயத்தை வைத்துப் பார்த்தால் இதைச் சொல்வது காதலைச் சொல்வதைவிடப் பெரியது. சில வாரம் கழித்து மொத்த வியாபாரி ரகுவைக் கூப்பிட்டு ஏஜென்சி பற்றிப் பேசுகிறார். பேச்சோடு பேச்சாக, ‘அந்த எதிர்க் கடை அம்மா தாக்குப்பிடிப்பாங்களா?’ என்று கேட்கிறார்.

பாக்கி தள்ளிப் போயிருப்பது அவருக்கே தெரியும், ஆனால் அவள் மனம் திறந்து சொன்னதை வைத்து ‘தாக்குப்பிடிக்க மாட்டாங்க’ என்று ரகு சொன்னால் அவன் வில்லனாகிவிடுவான். அவளுக்காக வாதாடினால் பிரிவே இல்லை. அவன் செய்வது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ‘எனக்கு எப்படிங்க தெரியும்?’ என்கிறான். பொய், ஆனால் சின்னப் பொய். அவளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்லாமல், கெட்ட வார்த்தையும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறான். வங்கித் தவணை இருக்கிறது, பையனுடைய சம்பளம் இருக்கிறது. அவன் இடத்தில் இருந்தால் நாமும் அதைத்தான் செய்திருப்போமோ என்று வாசகருக்குத் தோன்ற வேண்டும். அந்தச் சந்தேகம் வாசகருக்கு வராவிட்டால் காட்சியை மறுபடி எழுதுங்கள்.

மாலதி விஷயத்தை அறிந்ததும் என்ன செய்கிறாள் என்பதும் அவள் குணத்திலிருந்தே வர வேண்டும். அவள் அழுதுகொண்டு ஒதுங்கிவிட்டால் தப்பு முழுக்க அவன் பக்கம் போய்விடும், சேரும்போது அவன் மட்டும் மன்னிப்புக் கேட்கும் கதையாக முடியும். அவள் வியாபாரி, வியாபாரியாகவே திருப்பி அடிக்கட்டும். கையிருப்பு நோட்டுகளை அடக்க விலைக்கும் கீழே விற்கிறாள். ரகுவின் மாதக் கட்டுகள் தேங்குகின்றன. இரண்டு மாதத்தில் அவன் பையனை நிறுத்த வேண்டி வருகிறது. அந்தப் பையன் ஷட்டர் சிக்கிய ராத்திரி ‘அக்கா, நான் பிடிக்கிறேன்’ என்று ஓடி வந்தவன். அவன் வேலை போனதைக் கேள்விப்படும்போது அவளுக்கும் ஒரு கடன் ஏறுகிறது.

அறிகுறி: “சேர்ந்துவிட்டார்கள், ஆனால் மனசு ஒட்டவில்லை”

முதலில் இதைச் செய்யுங்கள். மறுசேர்க்கை அத்தியாயத்தில் மன்னிப்புப் பேச்சு முழுவதையும் அடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். மிச்சத்திலிருந்தே அவர்கள் சேர்வது புரிந்தால் பேச்சை அளவாகத் திரும்ப வைத்துக்கொள்ளலாம். புரியாவிட்டால், பேச்சு செய்ய முடியாத வேலையைப் பேச்சின் தலையில் ஏற்றியிருக்கிறீர்கள்.

பல வரைவுகளில் அடுத்துத் தோன்றும் யோசனை, ரகு ஏஜென்சியைத் தூக்கி மாலதியிடம் கொடுத்துவிடுவது. பெரிய தியாகம் மாதிரித் தெரியும். ஆனால் மாலதியின் பயத்தை நினைத்துப் பாருங்கள். போட்டியாளரிடம் கை நீட்டினால் கடை போய்விடும் என்று நம்புகிறவளின் கையில் அவனே கொண்டுவந்து திணிக்கிறான். அவள் வாங்கிக்கொண்டால் இதுவரை எழுதிய மாலதி காணாமல் போய்விடுவாள், மறுத்தால் கதை நகராது. இருவரில் ஒருவர் கடையை மூடிவிட்டு மற்றவர் கடையில் கல்லாவில் உட்காரும் முடிவிலும் இதே பழுதுதான். பெரும்பாலும் மூடுவது பெண்ணின் கடையாக இருக்கும், அது இன்னும் உறுத்தும்.

எது உடைந்ததோ அதையே சரிசெய்ய வேண்டும். உடைந்தது மொத்த வியாபாரியின் மேஜையில், ரகு சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தையால். அப்படியானால் அவன் திரும்பப் போக வேண்டிய இடம் அந்த மேஜை. மாலதி அங்கே இருக்கக் கூடாது, அவளுக்குத் தெரியவரும் என்ற உத்தரவாதமும் அவனுக்கு இருக்கக் கூடாது. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்றைக்குச் சொல்கிறான்: அந்தக் கடைக்கு இத்தனை வருஷம் சரக்குக் கொடுத்திருக்கிறீர்கள், ஒரு தடவையாவது பாக்கி வராமல் போயிருக்கிறதா? ஒரே கடை என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள் என்கிறான். அவர் உடனே ஒத்துக்கொள்ளக் கூடாது. நிபந்தனை போனால் கூடுதல் கழிவும் நீண்ட தவணையும் போய்விடும் என்கிறார். ரகு சரி என்கிறான். அந்தச் ‘சரி’க்கு என்ன விலை என்பது வாசகருக்குத் தெரியும், வங்கித் தவணைக் காட்சியை முன்னாலேயே எழுதிவிட்டோம்.

மாலதிக்கு இது அவன் வாயால் தெரியக் கூடாது. சரக்கு வண்டி வருகிறது, பில் அவள் கடைப் பெயரில் இருக்கிறது. அவள் யாரிடமும் கேட்காமல், யாருக்கும் கடன்படாமல், தன் பணத்தில் வாங்கும் உரிமை மட்டும் திரும்பி வந்திருக்கிறது. இந்த உதவியை மட்டும்தான் அவளால் தாங்கிக்கொள்ள முடியும்.

இப்போது அவள் முறை. இதற்கான விதையை முதல் அத்தியாயத்திலேயே போட்டிருக்க வேண்டும். தன்னிடம் இல்லாத பொருளை யாராவது கேட்டால் மாலதி ‘இப்போ வர்றதில்லைங்க’ என்பாள். எதிர்க் கடையில் அது அடுக்கி வைத்திருப்பது அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும், இருந்தும் அப்படித்தான் சொல்வாள். இதை இரண்டு மூன்று இடத்தில், அழுத்தம் கொடுக்காமல் வைத்துவிடுங்கள். அப்போது கடைசிக்குச் சற்று முன் இந்தக் காட்சியை எழுத முடியும்:

> “வரைபடத் தாள் பெரிய சைஸ் இருக்கா?”
> மாலதி அலமாரியைப் பார்க்கவில்லை. இல்லையென்று அவளுக்குத் தெரியும். பில் புத்தகத்தை மூடினாள்.
> “எதிர்க் கடையில இருக்கும். போய்க் கேளுங்க.”
> அந்த அம்மாள் நகராமல் நின்றார். இருபது வருஷமாக இந்தக் கடைக்கு வருகிறவர்.
> “எந்தக் கடையில?”
> “எதிர்க் கடையில. மாலதி அனுப்புனேன்னு சொல்லுங்க.”

இதில் காதல் என்ற வார்த்தையே இல்லை. முதல் அத்தியாயத்திலிருந்து படித்து வந்தவருக்கு இது போதும். தெருவுக்கு அந்தப் பக்கம் ரகு அந்தப் பெயரைக் கேட்கும் கணத்தை எழுதலாம், எழுதாமலும் விடலாம். நான் எழுதமாட்டேன், அந்த அம்மாள் தெருவைக் கடப்பதோடு காட்சியை வெட்டிவிடுவேன்.

பையனுடைய கணக்கும் பாக்கி இருக்கிறது. அதைத் தீர்க்காமல் இருவரும் சேர்ந்தால், தங்கள் சண்டைக்கு ஒரு மூன்றாம் ஆள் விலை கொடுத்ததை மறந்துவிட்டவர்களாகிவிடுவார்கள். மாலதி அவன் வீடு தேடிப் போகட்டும். பள்ளி ஆர்டருக்கு நோட்டு கட்டவும் பிரிக்கவும் எனக்கு ஆள் வேண்டும் என்று அவள் சொல்ல, அவன் ‘அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்க்கா’ என்று சொல்லலாம். அவன் கேட்கப் போவதால்தான் இருவரும் நேருக்கு நேர் பேச வேண்டிய அவசியம் வருகிறது. முன்னால் அடித்து வைத்த மன்னிப்புப் பேச்சை இங்கே திரும்பக் கொண்டுவரலாம். அதுவும் பாதியாக வெட்டித்தான். ரகு ‘அன்னிக்கு நான் தெரியாதுன்னு சொன்னேன்’ என்று மட்டும் சொன்னால் போதும், ஏன் சொன்னேன் என்று விளக்க வேண்டாம். மாலதி ‘அடக்கத்துக்குக் கீழ வித்தேன்’ என்று சொல்லட்டும். இருவரும் அவரவர் செய்ததைச் சொல்கிறார்கள், எதிராளி செய்ததைச் சொல்வதில்லை.

பிரிவுக்கும் இதற்கும் நடுவே கதைக்குள் எவ்வளவு காலம் ஓட வேண்டும்? இரண்டு மாதத்தில் பையன் வேலை போகிறது, அதற்கப்புறம்தான் ரகு அந்த மேஜைக்குப் போகிறான், சரக்கு வரக் கொஞ்சம் நாள் ஆகும். நாலைந்து மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தை ‘மாதங்கள் ஓடின’ என்று ஒரு வரியில் தாண்டக் கூடாது. குறைந்தது இரண்டு அத்தியாயமாவது, தினமும் பார்த்தும் பேசாமல் இருப்பது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். ஷட்டர் இறக்கும் நேரம் மறுபடி போட்டியாகிவிட்டது, ஆனால் இப்போது இருவருக்கும் அதில் வீம்பு இல்லை, பழக்கம் மட்டும்தான் இருக்கிறது. அந்த அத்தியாயங்கள் இல்லாமல் சேர்க்கையை மட்டும் எவ்வளவு செதுக்கினாலும் அது சீக்கிரம் கிடைத்ததாகவே தெரியும்.

கடைசியாக, கல்யாணமோ இல்லையோ, இரண்டு கடைகளையும் சேர்த்து ஒரே போர்டு மாட்டிவிடாதீர்கள். அடுத்த வருஷப் பள்ளி ஆர்டருக்கு இருவரும் தனித்தனியாகக் கொட்டேஷன் கொடுக்கட்டும், ஒருவருடைய விலை மற்றவருக்குத் தெரியாமல். அதை எழுதும்போது இருவரும் என்ன பேசிக்கொள்கிறார்கள், எதைப் பேசாமல் விடுகிறார்கள் என்று உங்களால் எழுத முடிந்தால் சேர்க்கை நிற்கிறது. அந்தக் காட்சியில் வாய் அடைத்துப் போனால் ஏஜென்சி அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய், அங்கே இருவரில் யாருக்கு விட்டுக்கொடுக்க முடியாத காரணம் குறைவாக இருக்கிறது என்று பாருங்கள்.